போட்டோவில் இருந்து எடுத்த கோட்டோவியத்துக்கு நிறம் கொடுத்தல்: சாறியில் விழுந்த கம்பி நிழலும் கோடாகி விட்டது

கஜன்_வெள்ளவத்தை · சனி, பி.ப. 8.12

எல்லோருக்கும் வணக்கம். வருகிற மாதம் அம்மம்மாவுக்கு 80 வயது. அவவின் போட்டோ ஒன்றில் இருந்து கோடுகளை மட்டும் எடுத்து, கையால் நிறம் கொடுத்து, ஏ3 அளவில் அச்சடித்து பிரேம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஒரு மாதமாக இருக்கிறேன்.

போட்டோ எங்கள் வீட்டு பால்கனியில் பின்னேரம் நாலரை மணிக்கு எடுத்தது. கடல் பக்கம் பார்த்த பால்கனி. அம்மம்மா பிரம்புக் கதிரையில் இருக்கிறா. அரக்குக் கரை போட்ட வெள்ளைப் பருத்திச் சாறி. வெயில் கம்பிக் கிறிலுக்குள்ளால் வந்து மடியிலும் தோளிலும் வரி வரியாக விழுந்திருக்கிறது. அந்த வெயிலுக்காகத்தான் இந்தப் படத்தையே தேர்ந்தெடுத்தேன்.

கிரீட்டாவில் செய்கிறேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, இன்னொரு பிரதி எடுத்து, அதை `Ctrl+I` கொடுத்து எதிர்மறையாக்கி, லேயர் மோடை `Color Dodge` என்று வைத்து, `Gaussian Blur` 10 கொடுத்தேன். பென்சிலால் கீறியது போல வந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக்கி, `Levels` இல் கோட்டைக் கறுப்பாக்கி, `Color to Alpha` மூலம் வெள்ளையை எடுத்து விட்டேன். முகம் அப்படியே அம்மம்மா.

பிரச்சினை சாறியில். கம்பி நிழல் ஒவ்வொன்றின் இரண்டு ஓரமும் கோடாக வந்திருக்கிறது. பெயின்ட் வாளியால் நிறம் ஊற்றினால் ஒரு வரிக்குள் மட்டும் நிற்கிறது. பொறுமையாக ஒவ்வொரு வரியாக நிரப்பி, அதற்கு மேல் நிழல் லேயரை `Multiply` இல் வைத்துப் பார்த்தேன். வெள்ளைச் சாறி, கோடு போட்ட சாறியாகி விட்டது. அது வெயில் என்று யாருக்கும் தெரியாது. கைக்குக் கீழே சில இடங்கள் கன்னங்கரேலென்று இருக்கின்றன. வெளிச்சத்துக்குப் போட்ட லேயரோ சாறியில் தெரியவே இல்லை.

எங்கே பிழை விட்டேன்?

---

ரமணன் · சனி, பி.ப. 8.40

தம்பி, `Levels` ஐ இன்னும் இறுக்குங்கள். வலது பக்க முக்கோணத்தை இடப்பக்கம் இழுத்தால் மெல்லிய கோடுகள் எல்லாம் வெள்ளையாகி மறைந்து விடும். நிழலின் ஓரம் எப்போதும் பொருளின் ஓரத்தை விட மெல்லிசுதான், அதனால் முதலில் அதுதான் போகும்.

நிழலுக்கு `Multiply` எல்லாம் தேவையில்லை. சாதாரண லேயரில் கறுப்பு எடுத்து 30 சதவீதம் வையுங்கள். வெளிச்சத்துக்கு வெள்ளை 30 சதவீதம். நான் நிறைய வருடங்களாக அப்படித்தான் செய்கிறேன்.

---

சிவா_தெஹிவளை · சனி, பி.ப. 9.05

என்னிடமும் இப்படி ஒரு வேலை இருக்கிறது. அப்பா அம்மாவின் கலியாணப் படம், 1962, கறுப்பு வெள்ளை. அம்மாவின் கூறைச் சாறி என்ன சிவப்பு என்று அவவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்கும் இந்த மாதிரி ஒவ்வொரு நிறத்துக்கும் லேயர் போட்டு, பிறகு நிழல் போட வேண்டுமா? நிழல் போட்டால் முகம் இருட்டாகி விடாதா?

---

தர்ஷினி · சனி, பி.ப. 9.31

சிவா அண்ணா, உங்கள் வேலை இதற்கு நேர் எதிர். உங்கள் படத்தில் நிழலும் வெளிச்சமும் ஏற்கனவே இருக்கின்றன, நிறம் மட்டும் இல்லை. லேயர் மோடை `Color` என்று வைத்து மேலால் நிறம் பூசினால் போதும், அடியில் இருக்கும் கறுப்பு வெள்ளை தன் வேலையைச் செய்யும். நிழல் லேயரே போடாதீர்கள். கூறைச் சாறிக்குத் தனி இழை ஒன்று திறந்தால் வந்து எழுதுகிறேன்.

கஜன், உங்கள் படத்தில் போட்டோவின் வெளிச்சம் முழுவதையும் நீங்களே எறிந்து விட்டீர்கள், கோடு மட்டும்தான் மிச்சம். இப்போது அந்த வெளிச்சத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். அந்தக் கம்பி நிழல் கோடாக வந்தது பிழை இல்லை, நீங்கள் செய்த முறைக்கு அது அப்படித்தான் வரும். `Color Dodge` இல் மங்கலாக்கிய எதிர்மறையை வைத்தால் நடப்பது, படத்தை அதன் மங்கலான பிரதியால் வகுப்பது. அக்கம் பக்கம் ஒரே அளவு வெளிச்சமாக இருக்கும் இடத்தில் வகுத்தால் ஒன்று வரும், அது வெள்ளை. திடீரென்று மாறும் இடத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். மாறியது சாறியின் ஓரமா, நிழலின் ஓரமா, துணியில் இருந்த அழுக்கா என்பது அதற்குத் தெரியாது.

ரமணன் அண்ணா சொன்னதில் பாதி சரி. தூரத்தில் இருந்து விழும் நிழலுக்கு ஓரம் மங்கலாக இருக்கும், அதன் கோடும் மெல்லிசாக வரும், `Levels` இறுக்கினால் முதலில் அது போகும். ஆனால் கூடவே போவது என்ன என்று பாருங்கள். அம்மம்மாவின் கண்ணுக்குக் கீழே இருக்கும் சுருக்கம், மூக்கின் பக்கக் கோடு, வெள்ளைச் சாறி வெள்ளைச் சுவரோடு சேரும் தோள் ஓரம். இவையும் மெல்லிசுதான். கம்பி நிழல் போகும்வரை இறுக்கினால் முகமும் போகும்.

அதனால் கையால்தான் செய்ய வேண்டும். கோட்டு லேயரைப் பிரதி எடுத்து "நிழல் எல்லை" என்று பெயர் வைத்து, நிறத்தை நீலமாக்கி, மறைத்து விடுங்கள். பிறகு முதல் லேயரில் ஒவ்வொரு கோடாகப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: வெயில் போன பிறகும் இந்தக் கோடு இருக்குமா? சாறி மடிப்பின் விளிம்பு இருக்கும். கம்பி நிழல் இராது. இராதது எல்லாவற்றையும் அழியுங்கள். சாறி ஒரே வெள்ளைப் பரப்பாக, மடிப்புக் கோடுகள் மட்டும் உள்ளதாக வரும்வரை. ஒரு மணித்தியாலம் பிடிக்கலாம், ஆனால் இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு எல்லாமே பிழைக்கும்.

கன்னத்தில் மூக்கின் நிழல் விழுந்திருந்தால் அதையும் விடாதீர்கள். கோடாக நின்றால் தழும்பு போலத் தெரியும்.

---

கஜன்_வெள்ளவத்தை · ஞாயிறு, மு.ப. 11.20

அக்கா, இரவு முழுக்க இருந்து அழித்தேன். சாறி ஒரே பரப்பாகி விட்டது. நீங்கள் சொன்ன கேள்வியை ஒவ்வொரு கோட்டுக்கும் கேட்டுப் பார்த்தேன். நாடிக்குக் கீழே மட்டும் முடிவெடுக்க முடியவில்லை. அது நிழலா, கழுத்துச் சுருக்கமா தெரியவில்லை. கடைசியில் அம்மம்மாவைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். சுருக்கம்தான். விட்டு விட்டேன்.

இப்போது நிறம் ஊற்றினால் கோட்டுக்கும் நிறத்துக்கும் இடையில் மெல்லிய வெள்ளை ஓரம் நிற்கிறது. சில இடத்தில் கோடு அறுந்திருப்பதால் நிறம் வெளியே பாய்கிறது.

---

தர்ஷினி · ஞாயிறு, பி.ப. 12.10

போட்டோவில் இருந்து வரும் கோடு பேனாக் கோடு மாதிரி இல்லை. நடுவில் கறுப்பு, இரண்டு பக்கமும் சாம்பலாகக் கரைந்து போகும். வாளி அந்தச் சாம்பலைக் கண்டதும் நின்று விடுகிறது. நிரப்பும் கருவியின் அமைப்பில் `Grow` என்ற இடத்தில் 2 அல்லது 3 பிக்சல் கொடுங்கள், நிறம் கோட்டுக்குக் கீழே புகுந்து நிற்கும். கோடு மேலே இருப்பதால் மிகுதி தெரியாது.

அறுந்த கோட்டுக்கு நான் கோட்டைத் தொட மாட்டேன். அறுந்து இருப்பதுதான் பென்சில் அழகு. அடியில் இருக்கும் நிற லேயரில் கடினமான தூரிகையால், பூச வேண்டிய நிறத்தாலேயே பகுதியின் எல்லையைச் சுற்றிக் கீறி, பிறகு உள்ளே ஊற்றுங்கள்.

நிற லேயரில் ஓரம் கரையாத, பிக்சல் பிக்சலாக வெட்டிய மாதிரியான தூரிகையைப் பாவியுங்கள். பிறகு சாறியை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் `Similar Color Selection` கருவியால் ஒரு தட்டு, முழுச் சாறியும் சுத்தமாகத் தெரிவாகும். ஓரம் கரைந்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை விட்டுப்போகும்.

முக்கியமான விடயம், சாறிக்கு சுத்த வெள்ளை போட்டீர்களா?

---

கஜன்_வெள்ளவத்தை · ஞாயிறு, பி.ப. 12.18

ஓம், `#FFFFFF`. வெள்ளைச் சாறிதானே.

---

தர்ஷினி · ஞாயிறு, பி.ப. 12.45

உங்கள் வெளிச்சம் தெரியாததற்குக் காரணம் அதுதான். வெள்ளைக்கு மேல் போக இடம் இல்லை. `Screen` இல் என்ன நிறத்தை வைத்தாலும் 255 இல் இருப்பது 255 ஆகவே இருக்கும்.

தட்டை நிறம் என்பது வெயிலில் மின்னும் இடத்தின் நிறம் இல்லை. நிழலுக்கும் மின்னும் இடத்துக்கும் நடுவில் உள்ள நிறம். சாறிக்கு `#E3DCCB` மாதிரிக் கொஞ்சம் பழுப்பு ஓடிய வெள்ளையைப் போட்டுப் பாருங்கள், அதாவது 227, 220, 203. தனியாகப் பார்த்தால் அழுக்காகத் தெரியும். பயப்பட வேண்டாம். பக்கத்தில் அரக்குக் கரையும் பழுப்புத் தோலும் வந்தவுடன் கண் அதை வெள்ளை என்றுதான் எடுக்கும்.

நான் செய்யும் ஒரு காரியம்: தட்டை நிறங்கள் எல்லாம் முடிந்ததும் கோட்டு லேயரை மறைத்து விட்டுத் தூர இருந்து பார்ப்பேன். கோடே இல்லாமல் எது சாறி, எது கை, எது கதிரை என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எந்த நிழலும் அதைக் காப்பாற்றாது.

---

நஸ்ரின்_டி · ஞாயிறு, பி.ப. 2.02

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் டீ ஷேர்ட்டுக்கு ஸ்க்ரீன் பிரிண்ட் செய்பவள். எனக்கு `Multiply` லேயர் கொண்ட கோப்பு வந்தால் பெரிய தலையிடி. நிழல் விழுந்த சாறி ஒரு நிறம், நிழல் விழுந்த கை இன்னொரு நிறம், நிழல் விழுந்த கதிரை வேறொரு நிறம். ஒரு நிறத்துக்கு ஒரு திரைச் சட்டம் என்றால் எத்தனை சட்டம் செய்வது? நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வது, நிழலைத் தனியாக ஒரே மையாக வையுங்கள், கோட்டின் கறுப்பையே புள்ளி புள்ளியாக அடித்து நிழலாக்குவோம் என்று. தம்பி ஏ3 இல் கடதாசிக்குத்தான் அடிக்கப் போகிறார் என்றால் இந்தக் கவலை இல்லை. ஆனால் பிறகு மச்சாள்மார் எல்லோரும் ஷேர்ட் கேட்டால், லேயர்களை ஒன்றாக்காத கோப்பைக் கட்டாயம் வைத்திருங்கள்.

---

கஜன்_வெள்ளவத்தை · ஞாயிறு, பி.ப. 7.50

நன்றி அக்கா, அதை யோசிக்கவே இல்லை. ஷேர்ட் கேட்பார்கள், நிச்சயம். தனிக் கோப்பாகச் சேமித்து விட்டேன்.

தர்ஷினி அக்கா, தட்டை நிறம் முடிந்தது. சாறி, கரை, தோல், தலைமயிர், கதிரை, சுவர் என்று ஆறு. இப்போது நிழலுக்கு அந்த நீலக் கோட்டு லேயரைப் பார்த்து ஒவ்வொரு கம்பி நிழலாகக் கீற வேண்டுமா? மடிப்பு மடிப்பாக வளைந்து போகிறது, என் கை அவ்வளவு நேர்த்தி இல்லை.

---

தர்ஷினி · ஞாயிறு, பி.ப. 8.35

கீற வேண்டாம். நிழலின் வடிவம் போட்டோவிலேயே இருக்கிறது, அதை எடுத்துக் கொள்ளலாம்.

மூலப் போட்டோவைப் பிரதி எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, `Gaussian Blur` 4 அல்லது 5 கொடுங்கள். துணியின் இழை எல்லாம் அடங்கி விடும். இப்போது `Threshold` வடிகட்டியைத் திறந்தால் ஓர் எண்ணுக்கு மேல் உள்ளது வெள்ளை, கீழே உள்ளது கறுப்பு. கம்பி நிழல் அப்படியே கறுப்பு வரிகளாக வந்து நிற்கும்.

ஆனால் முழுப் படத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் பிழைக்கும், பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். சாறியின் நிழலுக்குப் பொருந்தும் எண்ணில் அம்மம்மாவின் கை முழுவதும் கறுப்பாகி விடும், அரக்குக் கரையும் அப்படியே. அவை நிழலில் இருப்பதால் இல்லை, இயல்பிலேயே சாறியை விடக் கருமை என்பதால். வெயிலில் இருக்கும் கை, நிழலில் இருக்கும் வெள்ளைச் சாறியை விட இருட்டாக இருக்கலாம்.

அதனால் பகுதி பகுதியாகச் செய்யுங்கள். நிற லேயரில் சாறியைத் தெரிவு செய்யுங்கள். தெரிவை விடாமல் அந்த மங்கலான பிரதிக்கு வந்து `Threshold` கொடுத்தால் அது சாறிக்குள் மட்டும்தான் வேலை செய்யும். கம்பி நிழல் வடிவாக வரும்வரை எண்ணை நகர்த்துங்கள், 150 பக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு தோலைத் தெரிவு செய்து அதற்கு வேறோர் எண், 90 பக்கம். கரைக்கு இன்னும் குறைவு. சுவருக்கு வேறு. தலைமயிரை விட்டு விடுங்கள், நரைக்கும் கருமைக்கும் இடையில் `Threshold` குழம்பி விடும், அதைக் கையால் செய்வது சுகம்.

எல்லாம் முடிந்தால் கறுப்பு வெள்ளையில் ஒரு நிழல் வரைபடம் கிடைக்கும். கறுப்பைத் தெரிவு செய்து, புது லேயரில் நிழல் நிறத்தை ஊற்றுங்கள்.

---

கஜன்_வெள்ளவத்தை · திங்கள், பி.ப. 9.15

அக்கா, நிழல் வரைபடத்தைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மடியில் மூன்று மடிப்பு இருக்கிறது. கம்பி நிழல் ஒவ்வொரு மடிப்பிலும் ஏறி இறங்கி வளைகிறது. அந்த வளைவு வந்தவுடன் சாறிக்குள் கால் இருப்பது தெரிகிறது. முன்பு நான் நேராக நிரப்பியதால்தான் கோடு போட்ட துணி மாதிரி இருந்திருக்கிறது.

சாறிக்கு 158 பொருந்தியது. தோலுக்கு 84.

கைக்குக் கீழே இருந்த கருமை மட்டும் போகவில்லை. நான் இரண்டு நிழல் லேயர் வைத்திருக்கிறேன், இரண்டும் `Multiply`. ஒன்றில் கம்பி நிழல். மற்றதில் கை, இடுப்பு, நாடிக்குக் கீழ் என்று உருண்டு திரும்பும் இடங்களுக்குக் கையால் பூசியது. இரண்டும் சேரும் இடம்தான் கறுக்கிறது.

---

தர்ஷினி · திங்கள், பி.ப. 9.48

இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, மூன்று வருடம் பிழையாகச் செய்த பிறகுதான் பிடிபட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கையின் அடிப்பக்கம் ஏன் இருட்டு? அது வெயிலுக்கு முதுகு காட்டுகிறது, வெயில் அங்கே வரவே இல்லை. கம்பி நிழல் ஏன் இருட்டு? வர இருந்த வெயிலைக் கம்பி மறித்து விட்டது. வெயிலே வராத இடத்தில் கம்பி எதை மறிக்கும்? எனவே கையின் அடிப்பக்கத்தில் கம்பி நிழல் தெரியவே கூடாது. பால்கனியில் போய் உங்கள் கையையே வைத்துப் பாருங்கள். வரிகள் கையின் மேல்பக்கத்தில் ஓடி, வளைந்து, திரும்பும் இடத்தில் நிழலோடு கலந்து காணாமல் போகும்.

நீங்கள் இரண்டு `Multiply` வைத்ததால் ஒரே வெயிலை இரண்டு தரம் கழித்திருக்கிறீர்கள்.

தீர்வு சுலபம். இரண்டு நிழல் லேயரையும் சாதாரண மோடுக்கு மாற்றி, இரண்டிலும் ஒரே நிறத்தை முழு ஒபாசிட்டியில் வையுங்கள். இரண்டையும் ஒரு குழுவுக்குள் போட்டு, குழுவின் மோடை `Multiply` ஆக்கி, குழுவின் ஒபாசிட்டியை 60 ஆக்குங்கள். இப்போது சேரும் இடத்தில் ஒரு நிறத்தின் மேல் அதே நிறம், மேலதிகமாக இருளாது.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. கை மடியில் படும் இடம், கதிரைச் சட்டத்துக்கும் சாறிக்கும் இடையிலான இடுக்கு, இவற்றில் வானத்தின் வெளிச்சம்கூடப் போகாது. அங்கே மட்டும் குழுவுக்கு வெளியே ஒரு சின்ன `Multiply` லேயரில் ஒரு விரற்கடை கூட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

---

ரமணன் · திங்கள், பி.ப. 10.20

இந்த இரண்டு தரம் கழிக்கும் விடயம் நியாயம். நான் கவனித்ததே இல்லை, என் பழைய படங்களில் எல்லாம் அக்குள் கறுப்பு. ஆனால் எனக்கு ஒரு கேள்வி. நிழலுக்குக் கறுப்பை வைத்தால் என்ன? ஏன் எல்லோரும் ஊதா ஊதா என்கிறார்கள்?

---

தர்ஷினி · திங்கள், பி.ப. 10.52

ரமணன் அண்ணா, சாறியை வைத்தே கணக்குப் பார்ப்போம். கறுப்பு 30 சதவீதம் சாதாரண லேயரில் என்றால் ஒவ்வோர் எண்ணும் 0.7 ஆல் பெருக்குப்படும்: 159, 154, 142. சாறியின் அதே மஞ்சள் சாயல், இருட்டாக. மழை நாளில் எடுத்த படம் மாதிரி இருக்கும்.

`#9A94BE`, அதாவது 154, 148, 190, `Multiply` இல் 60 சதவீதம் வைத்தால்:

```
227 × 154 / 255 = 137  →  0.4×227 + 0.6×137 = 173
220 × 148 / 255 = 128  →  0.4×220 + 0.6×128 = 165
203 × 190 / 255 = 151  →  0.4×203 + 0.6×151 = 172
```

சிவப்பும் பச்சையும் நன்றாக இறங்கின, நீலம் குறைவாகத்தான் இறங்கியது. மஞ்சள் சாயல் போய் ஊதாச் சாம்பல் சாயல் வந்து விட்டது. வெளியில் நடப்பதும் இதுதான். நாலரை மணி வெயில் மஞ்சள். கம்பி அதை மறித்த இடத்துக்கு மிச்சமாக வருவது நீல வானத்தின் வெளிச்சம். பக்கத்தில் பக்கத்தில் மஞ்சளும் நீலமும் நிற்கும்போதுதான் கண் "வெயில்" என்று சொல்லும். முகில் மூடிய நாளில் எடுத்த படம் என்றால் உங்கள் கறுப்பே போதும், நான் மறுக்க மாட்டேன்.

---

ஜூட்_கொட்டாஞ்சேனை · செவ்வாய், மு.ப. 8.30

சாறிக்கு அது சரி. தோலுக்கு நான் ஒத்துக் கொள்ள மாட்டேன். எங்கள் தோலில் அந்த ஊதாவைப் போட்டால் சாம்பல் பூத்த மாதிரி, சுகமில்லாத ஆள் மாதிரி வருகிறது. நான் தோலுக்கு மட்டும் தனியாக `#B07A78` மாதிரி செம்மண் நிறத்தில் நிழல் போடுவேன். வயதான ஆட்களின் முகத்துக்கு இது இன்னும் முக்கியம்.

---

தர்ஷினி · செவ்வாய், பி.ப. 1.15

ஜூட், ஒரே வானம்தானே சாறிக்கும் கைக்கும் வெளிச்சம் கொடுக்கிறது? கஜனின் தோல் நிறம் `#9C6B4E` என்றால் அதே ஊதா, அதே 60 சதவீதத்தில் 119, 80, 66 வரும். அது இன்னும் பழுப்புத்தான், சாம்பல் இல்லை. சாம்பல் பக்கம் சாய்வது ஊதாவை 90, 100 சதவீதத்துக்கு ஏற்றும்போது. நிழல் நிறத்தைப் பகுதிக்குப் பகுதி மாற்றினால் கை ஒரு வெளிச்சத்திலும் சாறி வேறு வெளிச்சத்திலும் இருப்பது போல ஒட்டாமல் நிற்கும்.

---

ஜூட்_கொட்டாஞ்சேனை · செவ்வாய், பி.ப. 1.40

எண்ணில் சாம்பல் இல்லை, கண்ணுக்குச் சாம்பல். பக்கத்தில் நீலம் ஓடிய வெள்ளைச் சாறி இருக்கிறது அல்லவா? அத்தோடு தோலுக்குள்ளும் வெளிச்சம் புகுந்து சிவந்து வரும், காதை வெயிலில் பாருங்கள். வெயிலும் நிழலும் சேரும் ஓரத்திலாவது ஒரு சிவப்புக் கோடு ஓட விடுங்கள்.

---

தர்ஷினி · செவ்வாய், பி.ப. 2.05

ஓரத்துக்குச் சரி, அதை நானும் செய்வேன். முழு நிழலுக்கும் செம்மண் என்றால் இல்லை.

---

கஜன்_வெள்ளவத்தை · புதன், பி.ப. 8.25

இரண்டையும் செய்து பார்த்தேன். ஜூட் அண்ணா சொன்ன மாதிரி முழுக்கச் செம்மண் போட்டால் முகம் உயிரோடு இருக்கிறது, ஆனால் கை சாறியில் இருந்து பிரிந்து மிதக்கிறது. தர்ஷினி அக்கா சொன்னதில் கை ஒட்டுகிறது, முகம் கொஞ்சம் களைத்து இருக்கிறது. இப்போதைக்கு எல்லாவற்றுக்கும் ஊதா, கன்னத்திலும் காதிலும் விரல் மூட்டுகளிலும் ஓரத்தில் மட்டும் செம்மண்.

இன்னொன்று. கம்பி நிழலின் ஓரம் எல்லா இடத்திலும் கத்தியால் வெட்டிய மாதிரி இருக்கிறது. போட்டோவில் முழங்காலில் கூர்மையாகவும் தோளில் மங்கலாகவும் இருக்கிறது.

---

தர்ஷினி · புதன், பி.ப. 9.10

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். சூரியன் புள்ளி இல்லை, வானத்தில் அரைப் பாகை அகலத் தட்டு. அதனால் மறிக்கும் பொருள் ஒரு மீற்றர் தூரத்தில் இருந்தால் நிழலின் ஓரம் ஏறத்தாழ 9 மில்லிமீற்றருக்குக் கரையும். முழங்கால் கிறிலுக்குக் கிட்ட, தோள் தூர.

உங்கள் படத்தில் சாறிக் கரை எத்தனை பிக்சல் அகலம்? கரை 5 சென்ரிமீற்றர், படத்தில் 150 பிக்சல், தோள் கிறிலில் இருந்து ஒரு மீற்றர் என்று வைத்தால் தோளில் அந்தக் கரைவு 27 பிக்சல் வரும். அளந்து கொண்டு, கம்பி நிழல் லேயரில் தோள் பகுதியை மட்டும் தெரிவு செய்து, தெரிவின் ஓரத்தை நன்றாக மங்கலாக்கி, `Gaussian Blur` கொடுங்கள். கரைவு அந்த 27 ஐத் தொட்டதும் நிறுத்துங்கள். முழங்காலைத் தொடாதீர்கள்.

வெளிச்ச லேயரைக் கடைசியில் போடுங்கள், நிழல் குழுவுக்கு மேல், கோட்டுக்குக் கீழ். `Screen`, `#FFE2B0`, 35 சதவீதம். இப்போது சாறி 227, 220, 203 இல் இருந்து 237, 231, 216 க்கு ஏறும். சின்ன ஏற்றம்தான், ஆனால் தெரியும். வெயில் படும் வரிகள் முழுவதுக்கும் பூசாமல் மடிப்பின் முதுகிலும் தோளிலும் மட்டும் பூசுங்கள். பூசி முடிந்ததும் நிழல் லேயர்களில் `Select Opaque` கொடுத்து, வெளிச்ச லேயரில் அந்தப் பகுதியை அழித்து விடுங்கள். நிழலுக்குள் வெயில் மின்னக் கூடாது.

---

கஜன்_வெள்ளவத்தை · வியாழன், பி.ப. 10.05

செய்தேன். தோள் மங்கியவுடன் அது பின்னுக்குப் போய் முழங்கால் முன்னுக்கு வந்து விட்டது.

மூக்குத்தியும் கண்ணாடியும் `Screen` இல் மின்னவில்லை. திருநீறு கோட்டிலேயே வரவில்லை, மூன்று குறியும் காணாமல் போய் விட்டது.

---

ஜூட்_கொட்டாஞ்சேனை · வியாழன், பி.ப. 10.30

மூக்குத்திக்கும் கண்ணாடிக்கும் மோடே வேண்டாம், எல்லாவற்றுக்கும் மேலே, கோட்டுக்கும் மேலே ஒரு சாதாரண லேயரில் வெள்ளைப் புள்ளி. படத்திலேயே சுத்த வெள்ளை அந்த இரண்டு மூன்று புள்ளிதான் என்று வையுங்கள். திருநீறு கோடு இல்லை, அது நிறம். தட்டை நிறத்தில் ஏழாவதாகப் போட்டு விடுங்கள், நெற்றி நிழல் அதன் மேலாகவும் விழட்டும்.

அச்சுக்கு ஒரு சொல். நான் அச்சகத்தில் வேலை செய்கிறேன். திரையில் நீலம் ஓடிய மெல்லிய ஊதா வடிவாக இருக்கும், மையில் அது பெரும்பாலும் மங்கி விடும், சில மெஷினில் சிவந்தும் வரும். முழுப் படத்தையும் அடிக்க முதல் முகமும் மடியும் வரும் ஒரு துண்டை ஏ5 இல் அடித்துப் பாருங்கள். கடதாசியின் வெள்ளையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி, பிரேம் போடும் அதே கடதாசியில் அடிக்கச் சொல்லுங்கள்.

---

கஜன்_வெள்ளவத்தை · சனி, பி.ப. 6.40

துண்டு அடித்துப் பார்த்தேன். ஜூட் அண்ணா சொன்னது போலவே ஊதா சிவந்து, சாறியில் ரோஸ் நிறம் ஓடுகிறது. நிழல் நிறத்தை `#8F96BE` ஆக்கி, குழுவை 55 க்கு இறக்கி இன்னொரு துண்டு கொடுத்திருக்கிறேன், திங்கள் வரும்.

முதல் துண்டை அம்மம்மா மேசையில் கண்டு விட்டா. மடியில் இருக்கும் வரிகளை விரலால் தடவிப் பார்த்து, "இது எங்கட கிறில் எல்லோ" என்றா.

---

ரமணன் · சனி, பி.ப. 7.15

திங்கள் வரும் துண்டையும் இங்கே போடுங்கள் தம்பி. ஜூட், ஊதா எந்த மெஷினில் சிவக்கிறது, லேசரிலா இங்க்ஜெட்டிலா?